வாலிபாலா, கபடியா: எதில் காயம் அதிகம்?

“மன்னார்குடிப் பக்கம் எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு வாலிபாலில் 12 காயம், கபடியில் 9. வாலிபால் 150 மணி நேரமும் கபடி 30 மணி நேரமும் நடந்தன. வாலிபாலைக் குறைக்கலாமா?”

வேண்டாம், அவசரப்படாதீர்கள். காயங்களைக் களத்தில் நின்றவர்களின் மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். வாலிபாலில் ஒரே சமயத்தில் 12 பேர் ஆடுகிறார்கள்: 12 × 150 = 1,800 மணி. கபடியில் 14 பேர்: 14 × 30 = 420 மணி. ஆயிரம் மணிக்கு வாலிபாலில் ஏறக்குறைய 7 காயம், கபடியில் 21.

ஐப்பசி மழையில் களம் சேறாகி ஆட்டம் நின்ற நாட்களைக் கழித்துவிட்டீர்களா? அவையும் கணக்கில் இருந்தால் விகிதம் பொய்யாகக் குறைந்துவிடும்.

காயம் என்று எதைக் குறித்தீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. முழங்கால் தோல் உரிந்த பையன், மண்ணைத் தட்டிவிட்டு அடுத்த ரெய்டுக்குப் போயிருப்பான். வாலிபாலில் விரல் வீங்கியவன் நான்கு நாள் வராமல் இருந்திருப்பான். இரண்டும் ஒன்றாகாது. மறுநாள் பயிற்சிக்கு வர முடியாத காயத்தை மட்டும் இரண்டு ஆட்டத்திலும் எண்ணுங்கள்.

9 சிறிய எண். அதே ஆபத்து நிலையில் தற்செயலாக 4ஆகவோ 17ஆகவோ கூட வந்திருக்கலாம். இன்னும் இரண்டு ஆண்டுப் பதிவைச் சேர்த்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.