சைஸ் சார்ட்டில் இருக்கும் 38 யாருடைய அளவு?

இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி குர்த்தி விற்பவர்களுடையது. முன்பும் சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன்: "ரிட்டர்ன் நிறைய வருது, என்ன பண்றது" என்று ஒற்றை வரி எழுதி அனுப்பாதீர்கள். என்ன துணி, எந்த சைஸ், டைட்டா லூஸா, இந்த மூன்றும் இல்லாவிட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது?

ரேயான் குர்த்தி விற்கிறேன். பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் இருந்த சார்ட்டைத்தான் அப்படியே போட்டிருக்கிறேன். ஆனாலும் எம், எல், எக்ஸ்எல் எல்லாமே மார்பில் டைட் என்று திரும்பி வருகிறது. (ஈரோடு)

எல்லா சைஸும் ஒரே பக்கமாக, டைட் என்றே திரும்பி வந்தால் முதலில் சார்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும். உங்கள் சார்ட்டில் "எம் - மார்பு 38" என்று இருக்கிறது. அந்த 38 உடம்பின் அளவா, தைத்த குர்த்தியின் அளவா? எங்கேயும் எழுதவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் எம் சைஸைத் தரையில் விரித்து, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை டேப் பிடித்திருக்கிறீர்கள். 19 இஞ்ச் காட்டுகிறது. இரண்டு மடங்கு 38. ஆக குர்த்தியே 38 தான். உடம்பு 38 இருக்கும் பெண் சார்ட்டைப் பார்த்து, சரி நம்ம அளவு என்று எம் எடுக்கிறார். ரேயான் நெய்த துணி, பனியன் துணி மாதிரி இழுத்துக் கொடுக்காது. போட்டுப் பார்த்தால் கையைத் தூக்கும்போது அக்குளில் பிடிக்கும், மார்புக்குக் குறுக்கே சுருக்கம் விழும், உடனே ரிட்டர்ன்.

நெய்த துணியில் நேர்வெட்டு குர்த்தி என்றால் உடம்பை விட 2, 3 இஞ்சாவது கூடுதலாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் எம் 35, 36 மார்பு உள்ளவர்களுக்கானது. அடுத்தவர் சார்ட்டைக் காப்பி அடிப்பதில் இருக்கும் கோளாறே இதுதான், அவர் போட்டது உடம்பளவாக இருக்கலாம், அவர் பேட்டர்னில் 4 இஞ்ச் தளர்வு வைத்திருக்கலாம், உங்கள் கட்டிங் மாஸ்டர் வைத்தது வேறு. எத்தனை தடவை எழுதினாலும் இது நிற்க மாட்டேன் என்கிறது, அதற்கான கூரியர் செலவை நீங்கள்தான் கட்டுகிறீர்கள். தயவுசெய்து உங்கள் சரக்கை நீங்களே அளந்து சார்ட் எழுதுங்கள்.

இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள், தலைப்பில் எது எது என்று தெளிவாக இருக்கட்டும். முதல் பத்தி "உங்கள் மார்பளவு", இரண்டாவது "குர்த்தியின் சுற்றளவு". எம்: 35-36, குர்த்தி 38. எல்: 37-38, குர்த்தி 40. எக்ஸ்எல்: 39-40, குர்த்தி 42. அதற்குக் கீழே குறிப்பு: "துணி இழுபடாது. 36க்கும் 37க்கும் நடுவில் இருந்தால் எல் எடுங்கள். உங்களுக்குச் சரியாக இருக்கும் குர்த்தி ஒன்றை விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து, இரண்டால் பெருக்கி, இரண்டாவது பத்தியோடு ஒப்பிடுங்கள்." வீட்டில் டேப் இருந்தாலும் உடம்பை ஒழுங்காக அளக்கத் தெரியாதவர்கள் நிறைய, விரித்துப் போட்ட துணியை அளப்பது எல்லோருக்கும் வரும்.

இன்னொரு வரி கட்டாயம் சேருங்கள்: "பிரா சைஸைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள்." பிராவில் இருக்கும் 34 மார்புக்குக் கீழே சுற்றும் பட்டியின் அளவு. அதே பெண்ணுக்கு மார்பின் நிறைந்த இடத்தில் 36, 37 வரும். டைட் என்று திரும்பி வருவதில் இந்தக் குழப்பத்துக்கும் நல்ல பங்கு இருக்கிறது.

ஃப்ரீ சைஸ் என்று போடலாமா?

போடுங்கள், ஆனால் "மார்பு 34 முதல் 40 வரை" என்று அளவோடு போடுங்கள்.

எல் சைஸில் சிலர் டைட் என்கிறார்கள், சிலர் லூஸ் என்கிறார்கள். சார்ட்டை மாற்றட்டுமா? (கரூர்)

வேண்டாம். துணி என்னவென்று எழுதவில்லை, பரவாயில்லை, இதற்கு அது தேவைப்படாது. ஒரே சைஸ் இரண்டு பக்கமும் போனால் முதலில் சரக்கை அளக்க வேண்டும். வெவ்வேறு கட்டுகளிலிருந்து ஐந்தாறு பீஸ் எடுத்து விரித்து அளந்து பாருங்கள். சுற்றளவில் அரை இஞ்ச் முன்னே பின்னே இருப்பது சகஜம். ஒரு இஞ்சுக்கு மேல் போனால் தையலில் கோளாறு. ஒரு தையல்காரர் பக்கத் தையலில் கால் இஞ்ச் கூடுதலாகப் பிடித்தால் போதும், முன்பக்கம் பின்பக்கம், இடது வலது என்று நாலு இடத்தில் கால் கால் இஞ்ச் போய், சுற்றளவில் முழுசாக ஒரு இஞ்ச் குறைந்துவிடும். கிட்டத்தட்ட அரை சைஸ். பீஸ்களைப் பிரித்து, குறைந்ததை எம் பக்கமாகவோ தையலைப் பிரிக்கவோ அனுப்புங்கள். பீஸ்கள் ஒன்றுபோல் இருந்தால் மட்டும் திரும்ப எழுதுங்கள், அப்போது வாடிக்கையாளரின் உடம்பளவைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

காட்டன் டீ-ஷர்ட். சார்ட்டில் துவைப்பதற்கு முந்தைய அளவா, பிந்தைய அளவா? (திருப்பூர்)

நல்ல கேள்வி. சைஸ் ரிட்டர்ன் என்பது துவைக்கும் முன்பே முடிவாகிற விஷயம், பிரித்துப் போட்டுப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அதனால் அட்டவணையில் துவைக்காத அளவு. ஆனால் காம்பாக்டிங் செய்த பனியன் துணியே நீளவாக்கில் 5 சதவீதம் வரை சுருங்கும், 28 இஞ்ச் நீளம் ஏறக்குறைய ஒன்றரை இஞ்ச் குறையும். மூன்று பீஸைத் துவைத்துக் காயப்போட்டு அளந்து, கிடைத்ததைக் குறிப்பில் எழுதுங்கள்: "முதல் துவைப்பில் நீளம் இவ்வளவு குறையும்." டையிங் மாறினால் மறுபடி துவைத்துப் பாருங்கள்.

குழந்தைகள் ஃபிராக், 2-3 வயது என்று போட்டும் சின்னதாக இருக்கிறது என்கிறார்கள்.

வயதைப் பார்த்து எந்தக் குழந்தையும் வளர்வதில்லை. இரண்டு வயதுக் குழந்தைகளுக்குள்ளேயே 10 செ.மீ. உயர வித்தியாசம் சாதாரணம். உயரத்தை முதல் பத்தியில் போடுங்கள், வயது கடைசியில் இருக்கட்டும். மார்புச் சுற்றளவும் தோளிலிருந்து ஃபிராக்கின் நீளமும் கூட வேண்டும்.

மாடல் போட்டிருக்கும் சைஸை எழுத வேண்டுமா? (மதுரை)

எழுத வேண்டும். உயரம், மார்பளவு, போட்டிருக்கும் சைஸ், மூன்றும். 44 இஞ்ச் குர்த்தி 5 அடி 2 அங்குலப் பெண்ணுக்குக் கெண்டைக்காலுக்கும் கீழே வந்துவிடும், 5 அடி 6 அங்குல மாடலுக்குக் கெண்டைக்கால் நடுவில் நிற்கும், படத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. அப்புறம், படம் எடுக்கும்போது முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பதை நிறுத்துங்கள். உடம்போடு ஒட்டின மாதிரி படத்தில் பார்த்து வாங்கியவர் கையில் சரியான சைஸ் போய்ச் சேர்ந்தாலும் அது லூஸ் என்றுதான் திரும்பி வரும், அதைப் பார்த்து நீங்கள் சார்ட்டைத் திருத்தினால் அடுத்து டைட் என்று வர ஆரம்பிக்கும்.

இஞ்சா, சென்டிமீட்டரா?

பெரியவர்கள் உடைக்கு இஞ்ச், குழந்தையின் உயரத்துக்கு மட்டும் சென்டிமீட்டர். ஒரே பத்தியில் இரண்டையும் கலக்காதீர்கள்.