நாயின் பெயரும் மன்னனின் ஆண்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊரில் சிலர் சேர்ந்து பழைய சத்திரக் கட்டடத்தில் சின்னதாக ஓர் அருங்காட்சியகம் வைக்கிறார்கள். நடுகல் படங்கள், தாழி, காசுகள், ஒரு செப்பேடு என்று அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்கள். லேபிள்களைப் பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒற்றுப்பிழையை நான் பார்த்துவிடுவேன். ஆனால் ஆண்டுகளை எப்படிச் சரிபார்ப்பது? ஒரே சொல் நாலு விதமாக வருகிறது, எதை வைத்துக்கொள்வது? எல்லாமே நீளம் என்கிறார்கள், எதை வெட்டுவது? மாதிரிக்கு ஒரு நடுகல் லேபிளைக் கீழே தருகிறேன். அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

"இந்த வீரக்கல் பல்லவ மன்னர் முதலாம் மகேந்திர வர்மர் (கி.பி. 600–630) காலத்தில் அவரது 34-வது ஆட்சியாண்டில் அமைக்கப்பட்டதாகும். திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள எடத்தனூர் என்ற கிராமத்தில் இந்த நடுகல் அமைந்துள்ளது. இந்த நடுக்கல்லில் ஒரு வீரனின் உருவமும் அவனுக்கு அருகில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளதைக் காணலாம். நம் முன்னோர்களின் வீரத்தையும் விலங்குகள் மீது அவர்கள் கொண்டிருந்த அன்பையும் பறைசாற்றும் அரிய வரலாற்றுப் பொக்கிஷமாக இது விளங்குகிறது."

அன்புள்ள ஆசிரியருக்கு,

நல்ல மாதிரியாகத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்ட மூன்றும் இந்த ஒரு லேபிளிலேயே இருக்கின்றன. இதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஆண்டு. வரலாறு எதுவும் தெரியாத ஒருவர்கூட இதில் ஒரு கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம், கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். பட்டத்துக்கு வந்த ஆண்டுதான் முதல் ஆட்சியாண்டு. ஆகவே 34ஆம் ஆட்சியாண்டு என்பது பட்டமேற்ற ஆண்டோடு 33ஐக் கூட்டினால் வருவது. 600உடன் 33 சேர்த்தால் 633. மன்னரோ 630இல் முடிந்துவிட்டார் என்று அடைப்புக்குறி சொல்கிறது. இறந்து மூன்று வருஷம் கழித்து ஆட்சியாண்டு எண்ண முடியாது.

இரண்டில் ஒன்று தவறு. கல்வெட்டில் 'முப்பத்து நான்காவது' என்று எழுத்தாலேயே இருக்கிறது, அதைத் தொட முடியாது. அப்படியானால் 600 என்ற தொடக்கம்தான் ஆட்டம் காண்கிறது. அது பழைய பாடநூல் கணக்கு. இந்த மாதிரி நடுகற்களைப் பார்த்த பிறகுதான் மகேந்திரவர்மன் பட்டத்துக்கு வந்த ஆண்டைப் பலரும் முன்னே தள்ளினார்கள். 590 என்று வைப்பவர்கள் உண்டு, அதற்கும் முன்னே போகிறவர்களும் உண்டு. 590 என்றால் இந்தக் கல் 623, 580 என்றால் 613. எந்தக் கணக்கை எடுத்தாலும் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள்தான் விழுகிறது. அதனால் லேபிளில் அடைப்புக்குறி ஆண்டுகளை எடுத்துவிடுங்கள். கல் சொல்லும் ஆட்சியாண்டையும் அதிலிருந்து தேறும் நூற்றாண்டையும் மட்டும் போடுங்கள். நாளைக்கு ஆய்வாளர்கள் மன்னனை இரண்டு வருஷம் முன்னே பின்னே நகர்த்தினாலும் உங்கள் அட்டையை மாற்ற வேண்டியிருக்காது.

உங்கள் செப்பேட்டுக்கு வேறு கணக்கு. அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஒரு மாதிரி சொல்கிறேன். 'சாலிவாகன சகாப்தம் 1701 விகாரி வருஷம் தை மாதம்' என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சக ஆண்டோடு 78 கூட்டுவது வழக்கம், 1779 வரும். அதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். ஆனால் அந்த வருஷம் சித்திரையில் தொடங்கி அடுத்த பங்குனியில் முடிகிறது. தை மாதம் வருவதற்குள் ஆங்கில ஆண்டு மாறி 1780 ஆகியிருக்கும். மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி வரை எந்த மாதமானாலும் 79 கூட்ட வேண்டும். மாதமே இல்லையென்றால் '1779–80' என்று போடுவதுதான் நேர்மை.

இதைச் சோதிக்க அந்த வருஷப் பெயரே போதும். விகாரி நம் காலத்தில் 2019 சித்திரையில் பிறந்தது. அறுபது அறுபதாகப் பின்னால் போங்கள்: 1959, 1899, 1839, 1779. சக ஆண்டும் வருஷப் பெயரும் ஒத்துப்போகின்றன, சரி. ஒத்துப்போகவில்லையென்றால் மூன்று காரணம் இருக்கலாம். செப்பேட்டை வாசித்தவர் ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருப்பார், அல்லது எழுதியவரே நடப்பு ஆண்டை எண்ணாமல் கழிந்த ஆண்டை எண்ணியிருப்பார் (இல்லை, அதற்கு எதிர்மாறாக). அல்லது செப்பேடு பிற்காலத்துப் போலி. ஒரு வருஷ வித்தியாசம் என்றால் பெரும்பாலும் இரண்டாவது. பத்து, இருபது என்று போனால் எண்ணைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். பழைய தமிழ் எண்களில் ௧ 'க' போலவும் ௨ 'உ' போலவும் ௭ 'எ' போலவும் இருப்பதால் இந்தக் குழப்பம் சகஜம்.

நூற்றாண்டு விஷயத்தில் என் கதை ஒன்று. பல வருஷம் முன்பு ஒரு சின்னக் காட்சிக்கூடத்துக்குத் தரங்கம்பாடி டேனிஷ் காசுகளின் லேபிளைப் பிழை பார்த்துக் கொடுத்தேன். '16ஆம் நூற்றாண்டு' என்று இருந்ததை நானும் டிக் அடித்துவிட்டேன். அதே கண்ணாடிப் பெட்டியில் ஒரு முழம் தள்ளி இன்னொரு அட்டை, டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டினார்கள் என்று. 16 என்று தொடங்கினால் 17ஆம் நூற்றாண்டு, இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் இரண்டு அட்டைகளையும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு தாளில் படித்தேன். மூன்று மாதம் அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து லேபிள்களைக் கோப்பு வரிசையில் படிப்பதை விட்டுவிட்டேன். பார்வையாளர் நடக்கும் வரிசையில் அடுக்கி, எண்களை மட்டும் ஒரு முறை தனியாகப் படிப்பேன். அந்த வாசிப்பில் எழுத்துப்பிழை கண்ணில் பட்டாலும் நின்று திருத்த மாட்டேன்.

சரி, சொற்களுக்கு வருவோம். உங்கள் லேபிளில் ஒரே பொருளுக்கு வீரக்கல், நடுகல், நடுக்கல் என்று மூன்று பெயர். படிக்கிறவர் மூன்று கல் என்று நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நடுகல் வினைத்தொகை, க் வராது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றையும் இலக்கணத்தால் தீர்த்துவிடலாம் என்று இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். 'முதுமக்கள் தாழி'யைப் புணர்ச்சி விதிப்படி 'முதுமக்கட்டாழி' ஆக்கினால் ஊரில் ஒருவருக்கும் புரியாது. கறுப்பா கருப்பா, ராஜராஜனா இராசராசனா என்பதிலெல்லாம் இரண்டு கட்சியும் அச்சில் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்து ஒரு தாளில் எழுதி, அறுபது லேபிளிலும் அதையே ஓட்டுங்கள். கல்வெட்டு வரியை மேற்கோளாகத் தரும்போது மட்டும் கல்லில் உள்ளபடியே விடுங்கள்.

ஊர்ப்பெயருக்கும் இதே தாள்தான். எடுத்தனூர், எடத்தனூர் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. நான் எடுத்தனூர் என்றே எழுதுவேன். படத்தின் கீழே ஒன்று, சுவர் வரைபடத்தில் வேறொன்று என்று வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எழுத்துக்கூட்டல் போலத் தோன்றி உண்மையில் தகவல் பிழையாக இருக்கும் சொற்களும் உண்டு. 'ஐம்பொன் சிலை' அப்படி ஒன்று. உலோகத்தைச் சோதித்துப் பார்த்த அறிக்கை இல்லாமல் ஐந்து உலோகம் என்று எப்படிச் சொல்வது? 'செப்புத் திருமேனி' என்றால் வம்பில்லை.

இனி நீளம். சொற்களை எண்ணிப் பயனில்லை, தமிழில் ஒரு சொல்லே அரை வரி ஓடும். அட்டையின் அளவையும் எழுத்தின் அளவையும் முடிவு செய்துகொண்டு வரிகளை எண்ணுங்கள். நான் விளக்கத்துக்கு ஆறு வரி வைத்துக்கொள்வேன். வெட்டும்போது முதலில் போக வேண்டியது, கண்ணுக்கு எதிரே இருப்பதைத் திரும்பச் சொல்வது. 'நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளதைக் காணலாம்' என்று எழுதியிருக்கிறார்கள், படத்தின் முன்னால் நிற்கிறவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்தது 'பறைசாற்றும் அரிய பொக்கிஷம்'. அந்த வாக்கியத்தைத் தூக்கித் தாழியின் கீழே ஒட்டினாலும் பொருந்தும், காசின் கீழே ஒட்டினாலும் பொருந்தும். அப்புறம் 'அமைக்கப்பட்டதாகும்', 'அமைந்துள்ளது', 'விளங்குகிறது' வகை வால்கள்.

இவ்வளவு நீளத்திலும் உங்கள் லேபிள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த நாய்க்குப் பெயர் இருக்கிறது. 'கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு' என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயர் கல்லில் நிற்கிறது, நாம் அதை எடுத்துவிட்டுப் பொக்கிஷம் என்று எழுதுகிறோம்! நான் எழுதினால் இப்படி இருக்கும்:

கோவிவன் என்னும் நாய்
நடுகல் (படம்), எடுத்தனூர், திருவண்ணாமலை மாவட்டம்
முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி
எருமைகளுக்காக நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். அருகில் நிற்பது அவனுடைய நாய் கோவிவன். அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது.

வீரன் பெயர், நாயின் பெயர் இரண்டையும் என் கடிதத்திலிருந்து நகலெடுக்காதீர்கள். தொல்லியல் துறை பதிப்பித்த வாசகத்தைப் பார்த்து ஓர் ஆள் உரக்கப் படிக்க, இன்னோர் ஆள் லேபிளில் விரல் வைத்துத் தொடரட்டும். பொருளின் பதிவேட்டு எண்ணுக்கும் அதே முறைதான். பழைய லேபிளைப் பார்த்துப் புது லேபிளைச் சரிபார்த்தால் பழைய பிழைதான் திரும்ப வரும்.

கடைசியாக அச்சகம். நீங்கள் கணினியில் திருத்திக் கொடுத்த கோப்பு அங்கே வேறு மென்பொருளுக்குப் போகும், எழுத்துரு மாறும். 'கொ' உடைந்து 'ெகா' என்று நிற்கும். கோவிவனுக்கே அந்தக் கதி வரலாம். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்துகொள்ளும், ஔ என்பது ஒ, ள என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். இவை திரையில் தெரியாது, தெரிந்தாலும் கண் தாண்டிவிடும். அதனால் அச்சகத்தில் எடுத்த தாளையே உண்மை அளவில் கேளுங்கள். அதைச் சத்திரத்துச் சுவரில், தொங்கப்போகும் உயரத்திலேயே ஒட்டி, நின்றபடி படியுங்கள். அறுபது லேபிளுக்கும் அரை நாள் ஆகும். உங்கள் பத்து நாளில் இரண்டை இதற்கென்று இப்போதே ஒதுக்கிவிடுங்கள், ஏனென்றால் திருத்திய தாளையும் இன்னொரு முறை ஒட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.

செப்பேட்டில் வருஷப் பெயரும் மாதமும் இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள்.