வணிக வளாகத்துக்குப் பெயர்: ஊர் வாயில் நிற்பது எது?

கேள்வி: நானும் இரண்டு பங்காளிகளும் சேர்ந்து எங்கள் ஊரில் 36 கடைகள் உள்ள வளாகம் கட்டுகிறோம். தரைத்தளமும் மேலே இரண்டு மாடிகளும். மெயின் ரோட்டில் ஒரு வாசல், பக்கத்துத் தெருவில் ஒரு வாசல். தாத்தாவின் இனிஷியலில் ‘எஸ்.என்.எம். ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்’ என்று வைக்கலாம் என்கிறார் ஒருவர். ‘கிராண்ட் சிட்டி சென்டர்’ என்கிறார் இன்னொருவர். எனக்கு ‘எழில் வளாகம்’ பிடித்திருக்கிறது. ஊரில் ஏற்கெனவே இரண்டு காம்ப்ளெக்ஸும் ஒரு சிட்டி சென்டரும் இருக்கின்றன. எங்கள் இடத்தை இன்னமும் ‘நாலுமரம்’ என்றுதான் சொல்கிறார்கள். மரங்கள் ரோடு அகலப்படுத்தியபோதே போய்விட்டன. எந்தப் பெயர் கடைக்காரர்களுக்கும் வருகிறவர்களுக்கும் சுலபமாக இருக்கும்?

பதில்: நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நாலுமரம்தான் என் தேர்வு. ஆனால் தனியாக இல்லை, ‘நாலுமரம் பிளாசா’ என்று. ஏன் இரண்டு சொல் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் மற்ற மூன்றையும் பார்த்துவிடுவோம்.

வளாகத்தின் பெயரை அதிகம் பயன்படுத்தப்போவது நீங்கள் இல்லை. கடைக்காரர் போனில் சொல்வார், சரக்கு கொண்டுவரும் டிரைவர் தெருவில் நின்று விசாரிப்பார். அதனால் பெயர் முதலில் காதில் தேற வேண்டும். எஸ்.என்.எம். அங்கேயே தோற்கிறது. சாதாரண போன் இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். ‘எஸ்’ஸையும் ‘எஃப்’பையும் பிரித்துக் காட்டும் ஒலியில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. ‘எம்’, ‘என்’ இரண்டும் மூக்கொலி. வண்டிச் சத்தத்தில் ஒன்றாகிவிடும். ‘எஸ்.என்.எம்மா, எஃப்.எம்.என்னா?’ என்று கேட்பவரிடம் உங்கள் கடைக்காரர் தினமும் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். தாத்தாவின் பெயர் இருக்கட்டும். முழுப்பெயரையும் வாசல் கூடத்தில் கல்வெட்டாகப் பதியுங்கள். மூன்று எழுத்தாகச் சுருக்குவதைவிட அவருக்கு அதுதான் மரியாதை என்று உங்கள் பங்காளியிடம் சொல்லிப் பாருங்கள்.

கிராண்ட் சிட்டி சென்டர் வேறு விதத்தில் விழும். மக்கள் நீளமான பெயரை வெட்டுவார்கள், வெட்டும்போது அலங்காரச் சொல்தான் முதலில் போகும். ‘கிராண்ட்’ போனால் மிச்சம் ‘சிட்டி சென்டர்’. அது ஏற்கெனவே வேறொருவருடையது. உங்கள் வளாகத்துக்கு வர வேண்டியவர் அங்கே போய் நிற்பார். பெயர் தேறுமா என்று பார்க்க, அதை நீங்களே வெட்டிப் பாருங்கள். வெட்டிய பிறகு மிஞ்சுவது ஊரில் வேறு கடைக்கோ, பள்ளிக்கோ, மருத்துவமனைக்கோ, பஸ் ஸ்டாப்புக்கோ இருந்தால் அந்தப் பெயர் வேண்டாம்.

எழில் அழகான பெயர்தான், மறுக்கவில்லை. சிக்கல் ஆங்கில எழுத்தில் வருகிறது. Ezhil, Elil, Ezil என்று ஆளுக்கொரு மாதிரி தட்டச்சு செய்வார்கள். கடைக்காரர்கள் தங்கள் கடையை மேப்பில் சேர்க்கும்போது முகவரியில் இவை எல்லாமே வந்துவிடும். அப்புறம் தேடுகிறவருக்கு ஒரே கட்டடம் மூன்றாகத் தெரியும். சொல்லும்போதும் ‘ழி’யை எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதில்லை.

இனி நாலுமரம். ஊர் தானாக வைத்த பெயரோடு போட்டி போட்டு ஜெயிப்பது கடினம். சிகாகோவில் சியர்ஸ் டவர் என்ற உயரமான கட்டடத்துக்கு 2009-இல் வில்லிஸ் டவர் என்று பெயர் மாற்றினார்கள். அந்த ஊர்க்காரர்கள் பலருக்கு அது இன்னும் சியர்ஸ்தான். நீங்கள் எந்தப் பெயர் வைத்தாலும் ‘எங்கே இருக்கு?’ என்ற அடுத்த கேள்விக்குக் கடைக்காரர் ‘நாலுமரத்துல’ என்றுதான் பதில் சொல்லப்போகிறார். பெயரிலேயே அது இருந்துவிட்டால் இரண்டாவது கேள்விக்கு வேலை இல்லை.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. நாலுமரம் என்பது அந்த முனை முழுவதற்கும் உள்ள பெயர். ‘நாலுமரத்துக்கு வாங்க’ என்றால் ஆள் முனையில் இறங்கி நிற்பாரே தவிர, உங்கள் வாசலுக்கு வர மாட்டார். இடப்பெயரை முதல் சொல்லாக எடுத்தால் கட்டடத்தைக் காட்டும் வேலை இரண்டாவது சொல்லுக்குப் போகிறது. அது ஊரில் வேறெங்கும் இருக்கக் கூடாது. காம்ப்ளெக்ஸ் இரண்டு இருக்கின்றன, சென்டரும் இருக்கிறது. பிளாசா இல்லை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் வெறும் ‘பிளாசா’ என்று சுருங்கினாலும் அது உங்களையே குறிக்கும். ‘நாலுமரம் கொஞ்சம் நாட்டுப்புறமாக இருக்கே’ என்று பங்காளிகள் முகம் சுளிக்கலாம். முடிவெடுக்கும் முன் உங்களைத் தெரியாத சிலரிடம் போனில், சத்தமான இடத்திலிருந்து, நான்கு பெயர்களையும் ஒவ்வொரு தடவை மட்டும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். மறுநாள் எது நினைவிருக்கிறது என்று கேளுங்கள். வாதத்தை அதுவே முடித்துவிடும்.

போர்டிலும் சிறிய பெயருக்கே லாபம். பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது போர்டு எழுதுகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 150 அடியிலிருந்து வண்டியில் வருகிறவருக்குத் தெரிய 15 அங்குல எழுத்து வேண்டும். இடைவெளியோடு ஓர் எழுத்துக்கு 18 அங்குலம் என்று வைத்தால், 20 அடி போர்டில் ஒரு வரிக்குப் பதின்மூன்று எழுத்துதான் பிடிக்கும். கொம்பும் காலும் தனி இடம் கேட்கும் என்பதால் தமிழில் இன்னும் குறையும். ‘நாலுமரம் பிளாசா’ ஒரு வரியில் அநேகமாக அடங்கிவிடும். எஸ்.என்.எம். ஷாப்பிங் காம்ப்ளெக்ஸை அடக்க எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கும்.

கடை எண்களைப் பெயரோடு சேர்த்தே யோசியுங்கள். தரைத்தளம் 1 முதல் 12, முதல் மாடி 101 முதல் 112, இரண்டாம் மாடி 201 முதல் 212. ‘நாலுமரம் பிளாசா, 207’ என்றாலே எந்த மாடி என்பது புரிந்துவிடும். வாசல்களுக்கு ஏ, பி, சி வேண்டாம். ‘பி’யும் ‘டி’யும் போனில் எப்படிக் கேட்கும் என்று உங்களுக்கே தெரியும். ரோட்டு வாசல், தெரு வாசல் என்றே எழுதிவிடுங்கள்.

ஒரு பெரிய கடையோ வங்கியோ வரப்போகிறது என்பதற்காக அதன் பெயரை வளாகத்துக்கு வைக்காதீர்கள். அவர்கள் காலி செய்தால் பெயரும் பொய்யாகிவிடும்.

பெயரை முடிவு செய்ய வேண்டியது முதல் கடைக்கு வாடகை ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பு. பில் புத்தகம், வரிப் பதிவு, போர்டு என்று 36 பேரின் காகிதங்களில் ஏறிய பிறகு மாற்ற நினைத்தால் பாதிப்பேர் பழைய பெயரிலேயே ஓட்டுவார்கள். ஒப்பந்தத்திலேயே முகவரி எப்படி எழுதப்பட வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். Nalumaram Plaza என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அதில் குறித்து, அதையே எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பார்த்து எழுத வேண்டாம், அப்படியே நகல் எடுத்து ஒட்டட்டும். கூகுள் மேப்பில் வளாகத்துக்கான புள்ளியை, கடைகள் சேர்வதற்கு முன்னாலேயே நீங்கள் ஏற்றுங்கள். பெயர் போர்டில் உள்ளபடி மட்டுமே இருக்கட்டும். ‘சிறந்த ஷாப்பிங்’ மாதிரி விளம்பரச் சொல் சேர்ப்பது அவர்களுடைய விதிக்கே எதிரானது. புள்ளி கட்டடத்தின் நடுவில் விழுந்திருந்தால் நகர்த்தி ரோட்டு வாசலில் வையுங்கள், இல்லாவிட்டால் டெலிவரிக்காரர்களைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் விட்டாலும் விட்டுவிடும்.