கேள்வி பதில்: வாயேஜரின் பதிலுக்கு இரண்டு நாள்

ஈசூனிலிருந்து: அக்கா, வாயேஜர் 1 விண்கலம் பதில் சொல்ல இரண்டு நாள் ஆகுதாமே. 1977இல் போன பழைய கம்ப்யூட்டர் என்பதாலா?

கம்ப்யூட்டர் மேல் பழி போடாதீங்க, தூரம்தான் காரணம். 2024 ஏப்ரல் 18ஆம் தேதி ஒரு கட்டளை கிளம்பியது. ஒளியின் வேகத்தில் போயும் 22½ மணி நேரம், பதில் திரும்பி வர இன்னொரு 22½ மணி நேரம். வேலை நடந்ததா என்று 20ஆம் தேதிதான் தெரிந்தது.

உங்கள் போனுக்கு வரும் ஒரு தகவல் துண்டு வழியில் கெட்டுப்போனால், இன்னொரு தடவை அனுப்பு என்று அது கேட்டுவிடும். அங்கே அப்படிக் கேட்டால் 45 மணி நேரம் போய்விடும். அதனால் வழியில் சிதைந்தாலும் சரிசெய்துகொள்ளும் வசதியோடுதான் ஒவ்வொரு பிட்டும் கிளம்புகிறது.

தெம்பனிஸ் வாசகர்: பெரிய டிஷ் வைத்தால் சிக்னலோடு இரைச்சலும் கூடத்தானே சேரும்? அப்புறம் என்ன லாபம்?

பாதி சரி. டிஷ் பெரிதானால் அது பார்க்கும் வானத்தின் துண்டு சின்னதாகிவிடும். வாங்கும் பரப்பு கூடியது, பார்க்கும் வானம் குறைந்தது. வானத்திலிருந்து வரும் இரைச்சல் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். வாயேஜரோ அந்தத் துண்டுக்குள் ஒரு புள்ளி. அதன் சிக்னல் பரப்புக்கு ஏற்றபடி முழுசாக ஏறும்.

அங்கிருந்து கிளம்புவது சுமார் 23 வாட். இங்கே 70 மீட்டர் டிஷ்ஷில் விழுவது, ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடி பத்தாயிரமாகப் பிரித்தால் வருவதில் ஏறக்குறைய பாதி. அதனால்தான் சொந்த இரைச்சல் குறைய, பெருக்கியையே மைனஸ் 260 டிகிரி அளவுக்குக் குளிர வைக்கிறார்கள்.

கிளமெண்டியிலிருந்து: ஒரே பிட்டை மூன்று தடவை அனுப்பி, பெரும்பான்மை பார்ப்பதுதானே பிழை திருத்தம்? பாலிடெக்னிக்கில் அப்படித்தான் படித்தேன்.

பாடத்தின் முதல் பக்கம் அது. ஒரே வேகத்தில் தகவல் போகவேண்டும் என்றால், மூன்று தடவை அனுப்பும்போது ஒவ்வொரு தடவைக்கும் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல்தான் கிடைக்கும். கையிருப்பு அதே 23 வாட். லாபம் ஒன்றுமில்லை.

வாயேஜர் வேறு மாதிரி செய்கிறது. ஒவ்வொரு பிட்டையும் அதற்கு முந்தைய ஆறு பிட்களோடு கலந்து, இரண்டு குறிகளாக வெளியே விடுகிறது. ஒரு பிட்டின் சாயல் 14 குறிகளில் பரவிக் கிடக்கும். இங்கே அதை அவிழ்க்கும் விட்டர்பி டிகோடர் ஒவ்வொரு குறியையும் உடனே 0, 1 என்று முடிவு கட்டாது. "பெரும்பாலும் 1", "சந்தேகம்" என்று மதிப்பெண் போட்டு வைத்துக்கொண்டு, 64 வழிகளை ஒன்றாகத் தொடர்ந்து, மொத்தத்தில் எது பொருந்துகிறது என்று பார்க்கும். இப்படிச் சந்தேகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கே சுமார் 2 டெசிபல் லாபம். டிரான்ஸ்மிட்டர் ஒன்றரை மடங்கு பெரிதானதற்குச் சமம்.

விட்டர்பி தப்பு செய்தால் கொத்தாகச் செய்யும். அதற்காக 1986இல் யுரேனஸ் படங்களுக்கு, வாயேஜர் 2இல் ரீட்-சாலமன் என்ற பிழை திருத்தும் குறியீட்டையும் சேர்த்தார்கள். 223 பைட்டுக்கு 32 பைட் கூடுதல். எந்த 16 பைட் கெட்டாலும் மீட்டுவிடும். ஒன்று மட்டும்: இந்தக் குறியீடு, வழியில் விழும் பிழையைத்தான் திருத்தும்.

அதே வாசகர்: அப்படியானால் 2023 நவம்பரில் வாயேஜர் 1இலிருந்து ஏன் குப்பையாக வந்தது?

இப்போதுதானே சொன்னேன்! ரேடியோ சிக்னல் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, உள்ளே மட்டும் ஒரே மாதிரி 1, 0 திரும்பத் திரும்ப. பாதை நன்றாக இருக்கிறது, அனுப்புகிற இடத்தில்தான் கோளாறு என்பதற்கு அதுவே அடையாளம். தரவைப் பொட்டலம் கட்டும் கணினியில் ஒரு நினைவகச் சிப் செத்துப்போயிருந்தது. பெட்டிக்குள் கல்லை வைத்து அனுப்பினால் கல்தான் பத்திரமாக வந்துசேரும். அந்தச் சிப்பிலிருந்த நிரலைத் துண்டு துண்டாக வேறு இடங்களுக்கு மாற்றத்தான் முதல் பதிலில் சொன்ன ஏப்ரல் கட்டளை.

பூன் லே வாசகர்: எங்கள் புளோக்கில் மழை வந்தால் வைஃபை போகிறது. டிஷ் வைக்கலாமா?

ரூட்டரை மாற்றிப் பாருங்க.

பீஷானிலிருந்து: வாயேஜரைக் கேட்கும் 70 மீட்டர் டிஷ்ஷைக் கான்பெராவுக்குப் பதில் சிங்கப்பூரில் வைத்திருக்கலாமே? நடுக்கோட்டிலிருந்து வானம் முழுக்கத் தெரியும்.

வானம் தெரியும், மழையும் தெரியும்.

மறுபடி பீஷான்: மழை சிக்னலில் பத்தில் ஒரு பங்கைத்தானே உறிஞ்சும்? அதைப் பிழை திருத்தும் குறியீடு பார்த்துக்கொள்ளாதா?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. உறிஞ்சுகிற மழை தானும் ரேடியோ இரைச்சலை உமிழும். இரைச்சலை வெப்பநிலை மாதிரி கெல்வினில் அளப்பார்கள். தெளிந்த வானத்தில் மொத்த இரைச்சல் 20 கெல்வின் என்று வைத்துக்கொள்ளுங்க. பத்தில் ஒரு பங்கை உறிஞ்சும் மழை சுமார் 30 கெல்வினைக் கூட்டும். சிக்னல் 10 சதவீதம்தான் குறைந்தது, இரைச்சலோ இரண்டரை மடங்கு. குறியீட்டுக்கு ஒரு வாசல் அளவு உண்டு. அதற்குக் கீழே போனால் கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, மொத்தமாக விழும்.

பீஷான்: மழை இல்லாத நேரத்தில் மட்டும் கேட்கலாமே, நாலு சின்ன டிஷ்களைச் சேர்த்து?

சேர்ப்பது சரிதான். நாலு 34 மீட்டர் டிஷ் ஒரு 70க்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் எந்த நேரம் காயும் என்று முதல் நாளே யார் சொல்வது? வாயேஜர் பேசி முடித்தது நேற்று.

உட்லண்ட்ஸ்: வாயேஜர் ஏன் இவ்வளவு மெதுவாகப் பதில் சொல்கிறது?

முதல் பதில், தம்பி. மேலே.