பழைய லேத்துக்குச் செய்த செலவு: எது மெஷின் கணக்கில் ஏறும்?

"பட்டறைக்குப் பழைய லேத் ஒன்று வாங்கி, ரிப்பேர் பார்த்து ஓட்ட ஆரம்பித்தேன். இரண்டு வருஷம் கழித்து பேரிங், பெல்ட் மாற்றியபோது, கூடவே பெரிய மோட்டாரும் போட்டேன். எல்லாம் ஒரே பில். டிரில் பிட், ஸ்பேனர் என்று அடிக்கடி வாங்குவதும் உண்டு. இதில் எது சொத்து, எது செலவு?"

பில்லில் 'ரிப்பேர்' என்று எழுதியிருப்பதை வைத்தோ, தொகை பெரிதா சிறிதா என்பதை வைத்தோ முடிவு செய்யாதீர்கள். அந்தச் செலவு எப்போது நடந்தது, அதனால் உங்கள் கையில் என்ன வந்தது என்று பாருங்கள்.

முதலில், ஓட்டுவதற்கு முன் பார்த்த ரிப்பேர். லேத்தின் விலை 4,00,000, ஏற்றி இறக்கக் கூலி 15,000, தரையில் அடித்தளம் போட்டுப் பொருத்த 25,000, பழுது பார்க்க 60,000 என்று வைத்துக்கொள்வோம். நான்கும் மூலதனச் செலவுதான். மெஷினை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவரும் வரை ஆகும் அவசியமான செலவெல்லாம் அதன் அடக்க விலையில் சேரும். ஆகவே சொத்துக் கணக்கில் 5,00,000. பலர் அந்த 60,000-ஐ ரிப்பேர் கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முதல் ஆண்டு லாபம் தேவையில்லாமல் குறையும். தேய்மானம் குறைவாக விழுவதால் பின்வரும் ஆண்டுகளின் லாபம் கூடுதலாகத் தெரியும்.

அதே பழுது, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு வந்தால் கதை வேறு. பேரிங், பெல்ட் மாற்றுவது, ஆயில் ஊற்றுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் மெஷினை இருந்த நிலையிலேயே வைத்திருக்கும் வேலை. அது வருவாயினச் செலவு. அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கிலேயே முடிந்துவிடும்.

மோட்டார் அப்படியல்ல. பெரிய பாகம், பல ஆண்டுகள் உழைக்கும், திறனையும் கூட்டுகிறது. அது சொத்தில் ஏறும். உங்கள் ஒரே பில் 1,50,000 என்றால், மெக்கானிக்கிடம் அதைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். மோட்டார் 1,05,000, அதைப் பொருத்திய கூலி 15,000 என்றால் இந்த 1,20,000 மூலதனச் செலவு. மீதி 30,000 ரிப்பேர். கூலி எந்த வேலைக்கு ஆனதோ அந்த வேலையோடுதான் போகவேண்டும்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு படி உண்டு. புது மோட்டாரை ஏற்றினால் மட்டும் போதாது, பழைய மோட்டாரைக் கணக்கிலிருந்து இறக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையில் ஒரு மோட்டாரும் புத்தகத்தில் இரண்டு மோட்டாரும் இருக்கும். பழையதற்குத் தனி விலை தெரியாதே என்பீர்கள். புது மோட்டாரின் விலையை வைத்து, லேத் வாங்கிய அன்று பழையதன் மதிப்பு என்னவாக இருந்திருக்கும் என்று மதிப்பிடலாம். சர்வதேசக் கணக்கியல் தரநிலை 16 இதற்கு இடம் கொடுக்கிறது. புதியது பெரியது என்பதால் அதற்கேற்பக் குறைத்து, 75,000 என்று கொள்வோம். லேத்தின் ஆயுள் 10 ஆண்டு, ஆண்டுதோறும் சமமான தேய்மானம் என்றால், இரண்டு ஆண்டில் மோட்டாரின் பங்கு 15,000 தேய்ந்து 60,000 மீதி இருக்கும். அதைச் சொத்திலிருந்து நீக்குங்கள். பழைய மோட்டார் 10,000-க்கு விலை போனால், 50,000 நட்டம்.

இப்போது லேத்தின் புத்தக மதிப்பைப் பாருங்கள். இரண்டு ஆண்டுத் தேய்மானம் போக 4,00,000. பழைய மோட்டாரைக் கழித்தால் 3,40,000. புதியதைக் கூட்டினால் 4,60,000. மோட்டாரும் லேத்தின் ஆயுள் வரைதான் உழைக்கும் என்றால், மீதி 8 ஆண்டுக்கும் ஆண்டுக்கு 57,500 தேய்மானம். வருமான வரிக்கு அந்தந்த நாட்டுச் சட்டம் தனி விதி வைத்திருக்கலாம். அந்தக் கணக்கைத் தனியாகப் போடுங்கள்.

சரி, சின்னக் கருவிகள். டிரில் பிட் சில வாரங்களில் தேய்ந்துவிடும். யோசிக்காமல் செலவில் எழுதலாம். ஸ்பேனர் பத்து ஆண்டு உழைக்கும், விதிப்படி பார்த்தால் அது சொத்துதான். ஆனால் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் தேய்மானம் போடுவது வீண் வேலை. அதனால் ஒரு வரம்புத் தொகையை எழுதிவைத்து, அதற்குக் கீழே உள்ளதை வாங்கிய ஆண்டிலேயே செலவாக்குங்கள். லாபத்துக்கு ஏற்ப வரம்பை ஆண்டுதோறும் மாற்றக் கூடாது. ஒரே செட்டைப் பத்து பில்லாக உடைத்து வரம்புக்குக் கீழே கொண்டுவருவதும் செல்லாது.

கருவிகள் மொத்தமாகச் சேர்த்தால் பெரிய தொகை வருகிறது என்றால், என் பரிந்துரை மறுமதிப்பீட்டு முறை. ஆண்டுத் தொடக்கத்தில் 40,000 மதிப்புள்ள கருவிகள், நடுவில் வாங்கியது 35,000, ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்து மதிப்பிட்டது 50,000 என்றால், அந்த ஆண்டுச் செலவு 25,000. உடைந்தது, தேய்ந்தது, காணாமல் போனது எல்லாம் இதற்குள் வந்துவிடும். எண்ணும்போது பட்டறைக்கு வெளியே வேலைக்குக் கொண்டுபோயிருக்கும் கருவிகளையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.