குடி பாட்வா வாழ்த்து: பக்கத்து வீட்டாரிடம் என்ன சொல்வது?

"புனேவில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு மராத்திப் புத்தாண்டு வாழ்த்தை அவர் மொழியிலேயே சொல்ல வேண்டும். அவர் முந்திக்கொண்டால் என்ன பதில் சொல்வது?"

"காகூ, குடி பாட்வ்யாச்யா ஹார்திக் சுபேச்சா" என்று சொல்லுங்கள். தாய் வயதுப் பெண்மணியைக் காகூ என்று அழைப்பது அங்கே வழக்கம். பலரும் தவறுவது நடுச்சொல்லில்தான்: பாட்வா என்ற பெயர் வேற்றுமை உருபு ஏற்கும்போது பாட்வ்யா என்று திரிவதால், "பாட்வாச்யா" என்றால் பிறமொழிக்காரர் என்பது உடனே தெரிந்துவிடும் (அதனால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை).

கூடவே, "நவீன் வர்ஷ் தும்ஹாலா சுகாசே ஆணி ஆரோக்யாசே ஜாவோ" என்று சேர்க்கலாம்; புத்தாண்டு உங்களுக்கு இன்பமும் உடல்நலமுமாகக் கழியட்டும் என்பது பொருள். தும்ஹாலா என்பது 'உங்களுக்கு'. 'உனக்கு' என்னும் துலா பெரியவரிடம் வேண்டாம்.

அவர் முந்திக்கொண்டால், "தன்யவாத் காகூ, தும்ஹாலாஹி" என்றால் போதும். ஈற்றிலுள்ள 'ஹி' நம் 'உம்'மைப் போன்றது. 'நன்றி, உங்களுக்கும்' என்றாகிவிடும். வேப்பிலையும் வெல்லமும் கலந்த பிரசாதத்தை நீட்டினால், கசப்பைப் பாராமல் அங்கேயே வாயில் போட்டுக்கொள்ளுங்கள்.