நான்காவது எண்ணில் தடுக்கும் கட்டைவிரல்

கேள்வி: கீபோர்டு கற்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஓர் ஆசிரியரின் ஒரு நிமிட வீடியோவைப் பார்த்து வலது கையில் சி மேஜர் ஸ்கேலை மெதுவாக வாசித்துப் பழகுகிறேன். திரையில் ஓடும் 1, 2, 3, 4 எண்களோடு சரியாகவே போகிறது. வேகத்தைச் சற்றுக் கூட்டினால் நான்காவது சுரத்தில் தடுக்கி நின்றுவிடுகிறேன். இன்னும் மெதுவாக வாசிக்க வேண்டுமா?

வேண்டாம். இப்போது வாசிக்கும் விதத்திலேயே இன்னும் மெதுவாக வாசித்தால் தவறு இன்னும் ஆழமாகப் பதியும். உங்கள் கட்டைவிரல் தாமதமாக வருகிறது. மெதுவாக வாசிக்கும்போது அந்தத் தாமதம் காதில் விழுவதில்லை.

கட்டைவிரலை 1 என்றும் சுண்டுவிரலை 5 என்றும் எண்ணினால், சி மேஜரின் எட்டுச் சுரங்களுக்கு வலது கை விரல்கள் 1, 2, 3, 1, 2, 3, 4, 5 என்று வரும். சி, டி, ஈ மூன்றும் முடிந்தவுடன் கட்டைவிரல் நடுவிரலுக்கு அடியில் நுழைந்து நான்காவது சுரமான எஃப்பைப் பிடிக்க வேண்டும். இந்த ஸ்கேலில் உள்ள ஒரே கடினமான இடம் இதுதான். சீராகத் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்தால் ஈயிலிருந்து எஃப்புக்குப் போக ஒரு முழு விநாடி கிடைக்கிறது. அதுவரை வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரல் கடைசி நொடியில் பாய்ந்தாலும் தட்டுக்குள் வந்து சேர்ந்துவிடும். 120 தட்டில் அரை விநாடிதான். பாய்ச்சலுக்கு நேரம் போதாமல் முழங்கை வெளியே விசிறுகிறது, மணிக்கட்டு அமுங்குகிறது, எஃப் 'தொப்' என்று விழுகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சி, டி, ஈ வாசித்து, மூன்றாவது எண்ணில் நடுவிரலை எடுக்காமல் அப்படியே நிறுத்துங்கள். குனிந்து பாருங்கள். கட்டைவிரல் எஃப்பின் மேல், கீயைத் தொட்டும் தொடாமலும் காத்திருக்கிறதா? அல்லது இன்னும் டியின் பக்கத்தில் வெளியே நிற்கிறதா? தொடக்க மாணவர்களில் பெரும்பாலோருக்கு வெளியேதான் நிற்கும்.

'மெதுவாக வாசி' என்ற சொல்லை அந்த வீடியோக்கள் பாதியில் விட்டுவிடுகின்றன. மெதுவாக வர வேண்டியது சுரம் மட்டுமே. ஆள்காட்டி விரல் டியை அழுத்தும் அதே கணத்தில் கட்டைவிரல் சியை விட்டுக் கிளம்ப வேண்டும். மூன்றாவது எண் வருவதற்குள் எஃப்பின் மேல் போய் நின்றுவிட வேண்டும். மிச்ச நேரம் முழுவதும் அது அங்கே சும்மா காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்காகத்தான் மெதுவாக வாசிக்கிறோம்.

என்னிடம் ஒரு மாணவர் இதே தடுமாற்றத்தோடு வந்தார். மூன்று மாதம் தினமும் அரை மணி நேரம் முழு ஸ்கேலையும் ஏறி இறங்கியிருக்கிறார். அவர் வாசித்ததை அவருடைய கைப்பேசியிலேயே பதிவு செய்து, கீபோர்டுக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். எந்தச் சுரத்தைக் கட்டைவிரல் வாசிக்கிறது என்று அவரே ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னார். அப்படிக் கேட்டுச் சொல்ல முடிந்தால் அது நோய். எட்டுச் சுரமும் ஒரே கனத்தில், ஒரே விரல் வாசித்ததுபோல் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு அவருக்கு நான்கு சுரம் மட்டுமே கொடுத்தேன்: சி, டி, ஈ, எஃப், அங்கே நிறுத்தம், பிறகு மறுபடி சியிலிருந்து. 60 தட்டில் கட்டைவிரல் முன்னதாகப் போய்க் காத்திருக்கப் பழகியது. 66, 72 வரை பிசகு இல்லை. 80-ல் 'தொப்' திரும்பியது. 72-க்கே இறக்கி மேலும் சில நாள் வைத்திருந்தேன். அதன் பிறகுதான் ஜியும் ஏயும் சேர்ந்தன.

திரையில் ஓடும் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவை தாளத்தின் எண்கள். விரலின் எண்கள் வேறு. சி மேஜரில் முதல் மூன்று சுரங்களுக்கு இரண்டும் ஒன்றாக வருவதால் கண் ஏமாந்துவிடுகிறது. திரையில் 4 என்று வரும்போது வாசிக்க வேண்டிய விரல் 1. அந்த நொடியில் மூளை மோதிர விரலை எழுப்பிவிட்டு, பிறகு திருத்திக்கொள்கிறது. உங்கள் தடுமாற்றத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். தவிர, எண் தோன்றியதைப் பார்த்துவிட்டு விரலை அசைத்தால் எப்போதும் தட்டுக்குப் பின்னால்தான் இருப்பீர்கள். வீடியோவை மூடிவிட்டு, மெட்ரோனோமின் ஒலியோடு வாய்விட்டு எண்ணுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் சிக்கிக் குழம்பியவர்கள் என்னிடம் நிறைய வந்திருக்கிறார்கள். மூன்று விரலுக்குப் பிறகு கட்டைவிரல் என்பதை எஃப் மேஜருக்குக் கொண்டுபோகாதீர்கள். எஃப், ஜி, ஏ முடிந்ததும் நான்காவது சுரமாக வருவது பி ஃபிளாட், அதாவது கருப்புக் கீ. கட்டைவிரல் குட்டையானது, அதைக் கருப்புக் கீயின் மேல் ஏற்றினால் கை முழுவதும் உள்ளே தள்ளப்பட்டுக் கோணிக்கொள்ளும். ஆகவே அங்கே மோதிர விரலை வைத்து, அதன் பிறகு வரும் வெள்ளைக் கீயான சியில் கட்டைவிரலை நுழைக்கிறோம். விரல்கள் 1, 2, 3, 4, 1, 2, 3, 4. கவனித்தீர்களா, திரையின் தாள எண்ணும் விரல் எண்ணும் இங்கே அச்சாக ஒன்றாகிவிடுகின்றன. எஃப் மேஜர் வீடியோவை முதலில் பார்த்தவர் எண்ணையே விரலாக எடுத்துக்கொண்டு தடையின்றி வாசித்துவிடுகிறார். அதே நம்பிக்கையோடு சி மேஜருக்கு வந்து, மோதிர விரலில் எஃப், கட்டைவிரலில் ஜி என்று போய், கட்டைவிரல் எஃப்பிலேயே வர வேண்டும் என்பதைத் தவறவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விரல் எண்ணைத் தனி நிறத்தில் காட்டியிருந்தாலே போதும், அதைச் செய்ய யாருக்கும் மனம் இல்லை.

அந்த ஒரு நிமிட வீடியோவின் முடிவில் 'விரல் வேகப் பயிற்சித் தொகுப்பு' என்று ஒன்றை விற்பார்கள். விரலுக்கு வலுவூட்டும் ஸ்பிரிங் கருவி என்பார்கள். நல்ல ஆசிரியரை அமர்த்தித் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களும் வருவார்கள். வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள். உங்களுக்குக் குறைவது வலுவும் அல்ல, வேகமும் அல்ல. கட்டைவிரல் கிளம்பும் நேரம் பிந்துகிறது. அதை ஸ்பிரிங் சரிசெய்யாது. உங்கள் கையைப் பார்க்காமலேயே என்ன குறை என்று சொல்பவரிடம் பணம் போவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

பாடத்திட்டம் வகுப்பவர்கள்மீதும் எனக்கு வருத்தம் உண்டு. சி மேஜரில் கருப்புக் கீ இல்லை, தாளில் படிக்க எளிது, அதனால் அதை முதல் பாடமாக வைத்துவிட்டார்கள். கைக்கு அது எளிதே அல்ல. நீண்ட விரல்கள் கருப்புக் கீகளின் மேல் அமரும்போது அடியில் கட்டைவிரல் நுழைய இடம் கிடைக்கிறது; எல்லாமே வெள்ளையாக இருந்தால் அந்த இடம் குறுகுகிறது. போலந்துப் பியானோ இசையமைப்பாளரான ஷோபின் 19-ஆம் நூற்றாண்டிலேயே தம் மாணவர்களுக்கு ஐந்து கருப்புக் கீகள் உள்ள பி மேஜரை முன்னால் வைத்து, சி மேஜரைக் கடைசிக்குத் தள்ளினார். இன்றைய தேர்வு முறை இன்னும் சியில்தான் தொடங்குகிறது, அடுத்த நிலைக்குப் போனதும் வேகத்தை வேறு கூட்டச் சொல்கிறது.

நீங்கள் நாளை செய்ய வேண்டியது இது. 60 தட்டு, நான்கு சுரம், தொடர்ந்து பத்து முறை. மூன்றாவது எண்ணில் கட்டைவிரல் எஃப்பின் மேல் இல்லாத முறையைக் கணக்கில் சேர்க்காமல் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். பத்தும் தேறினால் மறுநாள் 66. இறங்கும்போது இதே இடத்தில் வேலை நடுவிரலுடையது: கட்டைவிரல் எஃப்பில் நிற்க, நடுவிரல் அதைத் தாண்டி ஈக்குப் போகும். அதை ஏறுவது சுத்தமான பிறகு, தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இடது கையை அதுவரை தொட வேண்டாம். அதில் கட்டைவிரல் வருவது ஜியில்.